குழந்தையின் இடுப்பு ஸ்கேன்: ஆல்ஃபா, பீட்டா கோணங்களைப் பெற்றோர் படிப்பது எப்படி

"டாக்டர், போன தடவை 52 இருந்தது, இப்போ 54 ஆயிருக்கு. ஏறித்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு பெல்ட்?"

ஏழு வாரக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இரண்டு ரிப்போர்ட்டுகள். பிறந்து 2 வாரத்தில் எடுத்தது ஒன்று, அன்று எடுத்தது ஒன்று. இரண்டிலும் இடது இடுப்புக்கு ஒரே வகைதான் போட்டிருந்தது, IIa. ஆல்ஃபா என்ற கோணம் 2 டிகிரி ஏறியிருந்தது. ஆனாலும் குழந்தைக்குக் கால்களை மடக்கிப் பிடிக்கும் பட்டை போட வேண்டும் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவின் கணக்கில் தப்பில்லை. ஆனால் இந்தக் கோணத்தை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும், அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இடுப்பு ஸ்கேன் ரிப்போர்ட்டை எந்த வரிசையில் படிக்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கவலைப்படலாம், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதை அந்தக் குழந்தையின் ரிப்போர்ட்டை வைத்தே பார்க்கலாம்.

முதலில், எதை அளக்கிறார்கள்?

இடுப்பு மூட்டு என்பது ஒரு பந்தும் ஒரு கிண்ணமும். தொடை எலும்பின் உருண்டையான தலை பந்து. இடுப்பு எலும்பில் இருக்கும் குழி கிண்ணம். பிறந்த குழந்தைக்குப் பந்து முழுக்கக் குருத்தெலும்பு, கிண்ணத்தின் விளிம்பும் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது என்பதால்தான் முதல் சில மாதங்களுக்கு அல்ட்ராசவுண்டை நம்புகிறோம். பந்தின் நடுவில் எலும்பு உருவாகத் தொடங்கிய பிறகு, அதாவது ஏறக்குறைய 4 முதல் 6 மாதத்துக்குள், அந்த எலும்பே ஒலி அலையை மறித்து நிழல் போடும். அதன் பிறகு எக்ஸ்ரேதான் வசதி.

கிண்ணம் ஆழமாக இருந்தால் பந்து உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆழமில்லாமல் தட்டையாக, சரிவாக இருந்தால் பந்து மெல்ல வெளியே நழுவும். இந்த வளர்ச்சிக் குறையைத்தான் டிஸ்பிளேசியா என்கிறோம். முழுக்க வெளியே வந்துவிட்டால் மூட்டு விலகல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி படிப்படியானது. ஸ்கேனில் கிடைக்கும் கோணம், குழந்தை அந்த வழியில் எங்கே நிற்கிறது என்று சொல்கிறது.

ஆஸ்திரியாவின் எலும்பு அறுவை மருத்துவர் ராய்ன்ஹார்ட் கிராஃப் 1980 வாக்கில் இந்த முறையை உருவாக்கினார். உலகம் முழுக்க இன்று ரிப்போர்ட்டில் வரும் ஆல்ஃபா, பீட்டா, I முதல் IV வரையிலான வகைகள் எல்லாம் அவருடையவைதான்.

ஸ்கேன் எடுக்கும் நேரம்

குழந்தையை மருத்துவர் கையால் பரிசோதித்துப் பார்க்கும்போது மூட்டு விலகியோ தளர்ந்தோ இருந்தால் ஸ்கேனுக்கு உடனே அனுப்புவார்கள். பரிசோதனை சரியாக இருந்து, ஆபத்துக் காரணம் மட்டும் இருந்தால், உதாரணமாக வயிற்றில் கால் கீழாகவோ பிட்டம் கீழாகவோ இருந்த குழந்தை, அல்லது பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ இந்தக் குறை இருந்த குடும்பம் என்றால், 4 முதல் 6 வாரம் வரை காத்திருந்து எடுப்பது பல இடங்களில் வழக்கம். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் எடுக்கிறார்கள், அது வேறு கொள்கை.

ஏன் காத்திருக்க வேண்டும்? முதல் சில வாரங்களில் பல குழந்தைகளின் மூட்டு இளகலாக, கிண்ணம் முதிராமல் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை யாரும் தொடாமலே சரியாகிவிடும். மிக முன்னதாக எடுத்தால் ரிப்போர்ட்டில் 'முதிராத மூட்டு' என்று வரும், வீடே கலங்கும், பிறகு திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

நம் கதையின் குழந்தை பிட்டம் கீழாக இருந்தவள். பிறந்தபோது இடது இடுப்பு கொஞ்சம் தளர்வாகத் தோன்றியதால் 2 வாரத்திலேயே ஸ்கேன் எடுத்தார்கள். தளர்வு என்று சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் எடுப்பதுதான் நியாயம்.

படம் சரியாக எடுத்திருக்கிறார்களா?

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெற்றோர் எல்லோரும் எண்ணைப் பார்க்கிறார்கள். படம் தப்பாக இருந்தால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

குழந்தையைப் பக்கவாட்டில், ஒரு தொட்டில் போன்ற மெத்தைப் பிடிப்பில் படுக்க வைப்பார்கள். தொடையின் வெளிப்பக்கம் மேலே வரும். இடுப்பு லேசாக மடங்கியிருக்கும். ஜெல் தடவி, நேர்கோடு போன்ற முகம் கொண்ட கருவியை இடுப்பின் வெளிப்பக்கத்தில் நெட்டுவாக்கில் வைப்பார்கள். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. குழந்தை பசியோடு வந்தால் உதைக்கும், உதைத்தால் கருவி நகரும். அதனால் ஸ்கேனுக்கு முன் பால் கொடுத்துக் கூட்டி வாருங்கள். ஸ்கேனுக்குத் தாய் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

நல்ல படத்தில் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்கிறார் கிராஃப். ஒன்று, கிண்ணத்தின் அடியில் இடுப்பு எலும்பின் கீழ்முனை, பளிச்சென்ற சிறு வெள்ளைப் புள்ளியாக. இரண்டு, மேலே இடுப்பு எலும்பு வளையாமல் நேர்கோடாக. மூன்று, கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் உதடு போன்ற லேப்ரம், பந்தின் தோளில் ஒட்டிக்கொண்ட சிறு வெள்ளை முக்கோணமாக. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் படத்தில் கோணம் அளக்கக் கூடாது. பந்து முழுக்க விலகிப்போன மூட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே பந்து வேறு தளத்துக்குப் போயிருப்பதால் மூன்றும் ஒரே படத்தில் வராது.

படத்தில் எலும்பு வெள்ளையாகவும், பந்து மங்கிய வட்டமாகவும் தெரியும். நேரான வெள்ளைக் கோட்டை உங்களாலும் அடையாளம் காண முடியும். படம் சில இயந்திரங்களில் நெட்டுவாக்கிலும் சிலவற்றில் கிடைவாக்கிலும் இருக்கும். கோணம் மாறாது, அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இடுப்பு எலும்பின் அந்தக் கோடு நேராக இல்லாமல் வளைந்திருந்தால் வெட்டுத் தளம் முன்னாலோ பின்னாலோ போயிருக்கிறது என்று அர்த்தம். கிண்ணத்தின் கூரை முன்பக்கம் மெலிந்தும் பின்பக்கம் நன்றாகவும் இருக்கும். அதனால் முன்னால் வெட்டிய படம் நல்ல மூட்டைக்கூட மோசமாகக் காட்டும். பின்னால் வெட்டிய படம் மோசமான மூட்டை நன்றாகக் காட்டிவிடும். இரண்டாவதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். கருவியைச் சாய்த்துப் பிடித்தாலும் பிழை வரும், நல்ல மூட்டே மோசமாகத் தெரியும்.

ஒவ்வொரு இடுப்புக்கும் இரண்டு படங்கள் எடுத்து, குறைந்தது ஒன்றில் கோடுகள் வரைந்து தருவதுதான் முறை. ரிப்போர்ட்டோடு படம் தராமல் எண் மட்டும் கொடுத்தால் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனில் அளப்பவருக்குப் பழைய படம்தான் தேவை.

ஆல்ஃபா, பீட்டா: இரண்டு கோணங்களும் எங்கிருந்து வருகின்றன

நேரான இடுப்பு எலும்பின் மீது ஒரு கோடு போட்டு, அதைக் கீழே பந்தின் ஊடாக நீட்டுங்கள். இதை அடிக்கோடு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சுவரின் கோடு மாதிரி.

இப்போது அந்தச் சுவரிலிருந்து உள்பக்கமாக இறங்கும் கூரையைப் பாருங்கள். அதுதான் கிண்ணத்தின் எலும்புக் கூரை. கிண்ணத்தின் அடியில் இருக்கும் அந்தச் சிறு புள்ளியிலிருந்து, கூரையைத் தொட்டபடி ஒரு கோடு இழுத்தால், அதற்கும் அடிக்கோட்டுக்கும் இடையே உள்ள கோணம் ஆல்ஃபா. கூரை படுக்கையாக இருக்க இருக்க ஆல்ஃபா 90ஐ நோக்கிப் போகும். கூரை சரிந்து செங்குத்தாகப் போகப் போக ஆல்ஃபா குறையும். படுக்கையான கூரையின் கீழ் பந்து பத்திரமாக இருக்கும், சரிவான கூரையில் வழுக்கும். ஆகவே ஆல்ஃபா பெரிதாக இருப்பது நல்லது.

எலும்பு முடியும் இடத்தில் குருத்தெலும்புக் கூரை தொடங்கி, லேப்ரம் வரை வெளிப்பக்கமாகப் போகும். எலும்புக் கூரையின் விளிம்பிலிருந்து லேப்ரத்தின் நடுவரை கோடு இழுத்தால், அடிக்கோட்டோடு வெளிப்பக்கத்தில் கிடைக்கும் கோணம் பீட்டா. பந்து நன்றாக உள்ளே இருந்தால் லேப்ரம் பந்தைக் குடை மாதிரி அணைத்துக் கீழே சாயும், பீட்டா சின்னதாக இருக்கும். பந்து வெளியே தள்ள ஆரம்பித்தால் லேப்ரம் மேலே எகிறும், பீட்டா பெருகும். ஆகவே பீட்டா சின்னதாக இருப்பது நல்லது.

ஆல்ஃபா பெரிதாக, பீட்டா சிறிதாக. இந்த எதிர்த் திசையை நினைவில் வைத்துக்கொண்டால் ரிப்போர்ட்டில் பாதி குழப்பம் தீரும். 64, 60 என்று இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு 'ஒன்று நார்மல், இன்னொன்று எல்லையில்' என்று நினைத்துத் தூக்கம் கெட்டவர்களை எனக்குத் தெரியும்.

வகையை முடிவு செய்வது

ஆல்ஃபா 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் வகை I. முதிர்ந்த, நல்ல மூட்டு. அதிலேயே பீட்டா 55 வரை Ia, அதற்கு மேல் Ib. இரண்டும் இயல்பானவை. Ib என்று பார்த்து எதுவும் செய்ய வேண்டியதில்லை. பீட்டாவைப் பார்த்துப் பெற்றோர் கவலைப்படும் இடங்களில் பெரும்பாலானவை இதுதான், எந்தக் காரணமும் இல்லாத கவலை.

ஆல்ஃபா 50 முதல் 59 வரை இருந்தால் வகை II. இங்கே வயது நுழைகிறது. குழந்தைக்கு 12 வாரம் முடியவில்லை என்றால் IIa, முதிர்ச்சி தொடர வாய்ப்புள்ள மூட்டு. 12 வாரம் தாண்டிவிட்டால் அதே 55 டிகிரி IIb ஆகிவிடும், அது உண்மையான டிஸ்பிளேசியா. எலும்பு அப்படியேதான் இருக்கும், நாட்காட்டி மாறியதால் பெயர் மாறுகிறது. வகை மாறியிருக்கிறதே, குழந்தைக்கு என்ன ஆச்சு என்று பதறுமுன் வயதைப் பாருங்கள்.

ஆல்ஃபா 43 முதல் 49 வரை இருந்தால் பீட்டாவுக்கு முதன்முறையாக உண்மையான வேலை வருகிறது. பீட்டா 77க்குள் இருந்தால் IIc, பந்து இன்னும் உள்ளே இருக்கிறது, ஆனால் விளிம்பில். 77ஐத் தாண்டினால் வகை D, பந்து நடுவிலிருந்து நகர ஆரம்பித்துவிட்டது. IIc மூட்டில் கையால் அழுத்திப் பார்த்து உறுதியாக நிற்கிறதா, நழுவுகிறதா என்றும் எழுதுவார்கள்.

ஆல்ஃபா 43க்குக் கீழே போனால் III அல்லது IV. பந்து விலகிவிட்டது. III, IV இரண்டையும் பிரிப்பது எண்ணல்ல, படத்தில் குருத்தெலும்புக் கூரை மேலே தள்ளப்பட்டிருக்கிறதா கீழே அமுக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான். அந்த நிலையில் கோணத்தைத் துல்லியமாகப் படித்து ஒன்றும் ஆவதில்லை. IIc, D, III, IV எதுவாக இருந்தாலும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக் கூடாது. குழந்தைகளின் எலும்பு மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

சில இடங்களில் கோணத்தோடு கூட, பந்தில் எத்தனை சதவீதம் எலும்புக் கூரையின் கீழ் இருக்கிறது என்றும் எழுதுவார்கள். பாதிக்கு மேல் மூடியிருந்தால் பொதுவாக நல்லது. இது வேறு ஒரு முறையிலிருந்து வந்த அளவு. ஆல்ஃபாவோடு போட்டிபோட வைக்க வேண்டியதில்லை.

வயதோடு ஒப்பிடுவது: IIa என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பது

மறுபடி அந்தக் குழந்தைக்கு வரலாம்.

2 வாரத்தில் இடது இடுப்பு: ஆல்ஃபா 52, பீட்டா 64, IIa. வலது: ஆல்ஃபா 61, பீட்டா 52, Ia.

7 வாரத்தில் இடது: ஆல்ஃபா 54, பீட்டா 63, மறுபடி IIa. வலது: ஆல்ஃபா 64.

பிறக்கும்போது ஆல்ஃபா குறைந்தது 50 இருக்க வேண்டும், 12 வாரத்தில் குறைந்தது 60 என்று கிராஃப் எல்லை வைத்தார். இடையில் நேர்கோடாக எண்ணினால் 12 வாரத்தில் 10 டிகிரி, அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 0.8. பத்தாவது படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் போட்டுவிடும் கணக்கு. 2 வாரத்தில் குறைந்தபட்சம் 51.7 இருக்க வேண்டும், குழந்தைக்கு 52 இருந்தது. கோட்டின் மேல்தான் நின்றது, சரி. 7 வாரத்தில் குறைந்தபட்சம் ஏறக்குறைய 56 இருக்க வேண்டும், குழந்தைக்கு 54. இப்போது கோட்டுக்குக் கீழே.

எண் ஏறியிருக்கிறது, ஆனால் குழந்தை பின்தங்கியிருக்கிறது. ஐந்து வாரத்தில் 4 டிகிரி ஏற வேண்டிய இடத்தில் 2 மட்டும் ஏறியிருக்கிறது. இதைத்தான் IIa− என்பார்கள். வயதுக்கேற்ற எண் இருந்தால் IIa+. 6 வாரம் முடியும் முன் இந்தப் பிளஸ், மைனஸ் பிரிப்பதில்லை, அதனால்தான் 2 வார ரிப்போர்ட்டில் வெறும் IIa இருந்தது. 7 வார ரிப்போர்ட்டில் மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. அது எழுதியிருந்தால் அந்த அம்மாவின் கேள்வியே எழுந்திருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 52க்கும் 54க்கும் இடையே உள்ள இரண்டு டிகிரி, அளப்பவரின் கை அசைவிலேயே வந்துவிடக்கூடியது. ஒரே மூட்டை இரண்டு பேர் அளந்தால் சில டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம். ஆகவே 54 என்பதை 54ஆகவே எடுத்துக்கொள்ளாமல், 'ஐம்பதின் நடுவில் எங்கோ' என்று படியுங்கள். கோட்டுக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே இருக்கும்போது முடிவு எடுக்கும் முன் என்ன செய்யலாம்? அதே நாளில் கருவியை எடுத்து மறுபடி வைத்து, புதிதாகப் படம் எடுத்து அளக்கலாம். இந்தக் குழந்தைக்கு அப்படித்தான் செய்தோம். முதல் படத்தில் 54, மறுபடி வைத்தபோது 53. இரண்டிலும் இடுப்பு எலும்புக் கோடு நேராக இருந்தது, மூன்று அடையாளங்களும் இருந்தன. பழைய படத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தோம், அதுவும் சரியான படம்தான். வலது பக்கம் அதே இரண்டு ஸ்கேன்களில் 61, 64 என்று நன்றாக ஏறியிருந்தது. ஒரே குழந்தை, ஒரே கை, ஒரு பக்கம் வளர்கிறது, இன்னொரு பக்கம் நிற்கிறது. இந்த ஒப்பீடு என்னை எண்ணைவிட அதிகமாக நம்ப வைத்தது.

IIa− வந்தால் எல்லா மருத்துவர்களும் ஒரே மாதிரி செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலர் உடனே பட்டை போடுவார்கள். சிலர் சில வாரம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் பார்ப்பார்கள். மூட்டு உறுதியாக இருந்து கோட்டுக்கு மயிரிழை கீழே இருந்தால் பொறுத்துப் பார்ப்பதிலும் நியாயம் உண்டு. இந்தக் குழந்தைக்குத் தொடக்கத்தில் தளர்வு இருந்தது, பிட்டம் கீழாகப் பிறந்தவள், பக்கங்களுக்கிடையே வித்தியாசமும் தெளிவு. மருத்துவர் பட்டையைத் தேர்ந்தெடுத்தார்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்? பெரும்பாலும் எதிர்பார்த்த பிரசவ நாளிலிருந்து எண்ணுவார்கள். ஐந்து வாரம் முன்கூட்டிப் பிறந்த குழந்தையின் 54 டிகிரியை, பிறந்த நாளிலிருந்து எண்ணினால் பின்தங்கியதாகவும், எதிர்பார்த்த பிரசவ நாளிலிருந்து எண்ணினால் சரியானதாகவும் வரலாம்.

பட்டை போட்ட பிறகு

பெரும்பாலும் போடுவது பாவ்லிக் ஹார்னஸ். மார்பைச் சுற்றிய பட்டையிலிருந்து தோள் வழியாகவும் கால்கள் வரையிலும் வார்கள் போகும். தொடை மேலே மடங்கி, தவளைக் கால் மாதிரி பக்கவாட்டில் தானாகச் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் பந்து கிண்ணத்தின் நடுவைப் பார்த்து உட்காரும். பந்து உள்ளே இருக்கும்வரை கிண்ணம் அதைச் சுற்றி ஆழமாக வளரும். பட்டையின் வேலை பந்தை அங்கே வைத்திருப்பது மட்டும்தான். வளர்வது கிண்ணத்தின் வேலை.

தொடையை இழுத்து அகட்டக் கூடாது. அளவுக்கு மீறி அகட்டினால் பந்துக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டு, பந்தே சேதமாகும் ஆபத்து உண்டு. வார்களை வீட்டில் நீங்களே இறுக்கித் தளர்த்த வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இது. முன்வாரை அதிகமாக இறுக்கினால் தொடையின் முன்பக்க நரம்பு அழுத்தமாகலாம். அதற்கு அடையாளம் எளிது: பட்டைக்குள்ளும் குழந்தை முழங்காலை நீட்டி உதைக்கும், அந்த உதை நின்றுவிட்டால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

தொடக்கத்தில் நாள் முழுக்கவும் போட்டிருக்கச் சொல்வார்கள். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வார்களைச் சரிசெய்ய வரச் சொல்வார்கள், குழந்தை வளர்கிறதல்லவா. விலகிய மூட்டுக்குப் பட்டை போட்டிருந்தால் மூன்று, நான்கு வாரத்துக்குள் பந்து உள்ளே போகவில்லை என்று ஸ்கேன் காட்டினால் பட்டையைத் தொடரக் கூடாது. வெளியே நின்ற பந்தைப் பட்டையோடு அழுத்தி வைத்தால் கிண்ணத்தின் பின்விளிம்பு தேய்ந்துபோகும். வேறு சிகிச்சைக்கு மாற வேண்டும்.

நம் குழந்தையின் மூட்டு உள்ளேதான் இருந்தது. அதனால் இந்தத் தொல்லை இல்லை. ஆறு வாரம் கழித்து, 13வது வாரத்தில் எடுத்தபோது இடது ஆல்ஃபா 61, பீட்டா 53, வகை Ia. வலது 66. இடது பக்கம் ஆறு வாரத்தில் 7 டிகிரி ஏறியது, கோட்டையும் தாண்டியது. ஏறாமல் 57இல் நின்றிருந்தால் அது IIb ஆகியிருக்கும், பட்டை தொடர்ந்திருக்கும்.

வீட்டில் குழந்தையைச் சுற்றுவது பற்றி

பட்டை போட்டாலும் போடாவிட்டாலும், துணியில் சுற்றும்போது கால்களை நேராக நீட்டி இறுக்கக் கூடாது. கை, மார்பு எப்படியோ, இடுப்பிலிருந்து கீழே துணி தொளதொளவென்று இருக்க வேண்டும், முழங்கால் மடங்கி வெளியே விழ இடம் இருக்க வேண்டும். நீட்டிய கால் பந்தைக் கிண்ணத்தின் விளிம்பை நோக்கித் தள்ளும்.

நார்மல் என்று வந்தால்

ஆல்ஃபா 60க்கு மேல் வந்துவிட்டால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. ஆனால் பிட்டம் கீழாகப் பிறந்த குழந்தைக்கு ஸ்கேன் நன்றாக இருந்தாலும் 6 மாத வாக்கில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. சிகிச்சை பெற்ற குழந்தைக்கு நடக்க ஆரம்பித்த பிறகும் தொடர் சோதனை இருக்கும். இடையில் டயப்பர் மாற்றும்போது ஒரு தொடை மற்றதைப்போல விரியவில்லை என்று கண்டால் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு இதுதான் நம்பத்தக்க அறிகுறி. தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்பது அவ்வளவு நம்பத்தக்கதல்ல, நல்ல குழந்தைகளில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்த அம்மா ஆறு மாதத்தில் எக்ஸ்ரே ரிப்போர்ட்டோடு மறுபடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. இடது பக்கம் 24, வலது 22 என்று எழுதியிருந்தது. "61 இருந்தது, இப்போ 24 ஆயிடுச்சே?"

எக்ஸ்ரேயில் அளப்பது வேறு கோணம். ஸ்கேனில் ஆல்ஃபாவை இடுப்பு எலும்பின் நெட்டுக் கோட்டிலிருந்து அளந்தோம். எக்ஸ்ரேயில் இரு பக்கத்துக் கிண்ண அடிகளையும் சேர்த்துக் குறுக்கே ஒரு கிடைக்கோடு போட்டு, அதிலிருந்து கூரை எவ்வளவு மேலே சரிகிறது என்று பார்ப்பார்கள். அங்கே கூரை படுக்கையாக இருந்தால் எண் சின்னதாகும், சரிந்தால் பெரிதாகும். ஆல்ஃபாவுக்கு நேர் எதிர். ஆறு மாதக் குழந்தைக்கு 30க்கு மேல் போனால்தான் யோசிப்போம். 24 நல்ல எண்.

ஒரு காகிதத்தில் இரண்டு கோடுகளையும் வரைந்து காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டின் ஓரத்தில் பேனாவால் 'இது பெருசா இருக்கணும்' என்றும், புதியதில் 'இது சின்னதா இருக்கணும்' என்றும் எழுதிக்கொண்டார்.